விடை சரி, வழி தவறு: கருந்துளையின் எல்லையும் விடுபடு வேகமும்

கருந்துளையைப் பற்றிய எந்த அறிமுகப் பேச்சிலும் தவறாமல் ஒரு கணக்கு வந்துவிடுகிறது. பூமியிலிருந்து ஒரு பொருளை வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் அது திரும்பி விழாது. அதுதான் பூமியின் விடுபடு வேகம். சூரியனின் மேற்பரப்பிலிருந்து எறிவதென்றால் வினாடிக்கு 618 கிலோமீட்டர் வேண்டும். சூரியனை அதன் நிறை குறையாமல் மேலும் மேலும் நெருக்கிச் சிறிதாக்கினால் இந்த வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும். அந்த இடம்தான் கருந்துளையின் நிகழ்வு எல்லை. ஒளியே தப்ப முடியாத இடத்திலிருந்து வேறு எதுவும் தப்ப முடியாது என்று பேச்சு முடிகிறது.

கரும்பலகையில் இதற்கு இரண்டு வரி போதும். இயக்க ஆற்றலையும் ஈர்ப்பின் ஆற்றலையும் சமமாக வைத்து, வேகத்தின் இடத்தில் ஒளியின் வேகம் c-யைப் போட வேண்டும்.

½mc² = GMm/r

r = 2GM/c²

சூரியனின் நிறையைப் போட்டால் 2.95 கிலோமீட்டர் வருகிறது. பூமியின் நிறைக்கு 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு 1916-இல் வெளியிட்ட தீர்விலிருந்து கிடைக்கும் ஆரமும் இதேதான். அதனால் பலரும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: கருந்துளையின் எல்லை என்பது விடுபடு வேகம் ஒளிவேகத்துக்குச் சமமாகும் இடம்; சார்பியல் அதைக் கடினமான கணிதத்தில் திரும்பச் சொல்கிறது, அவ்வளவே.

இந்தக் கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். சூத்திரம் சரி. அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. எளிமைக்காக ஒன்றிரண்டு விவரங்களை விட்டுவிட்ட தவறு அல்ல இது. கருந்துளையைக் கருந்துளையாக்கும் பண்பையே மறைத்துவிடும் தவறு. விடை பொருந்துவதால்தான் அது யார் கண்ணிலும் படாமல் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது.

முதலில் அந்தப் பொருத்தம் எவ்வளவு மதிப்புள்ளது என்று பார்ப்போம். நம் கையில் இருப்பவை மூன்று அளவுகள்: ஈர்ப்பு மாறிலி G, நிறை M, ஒளிவேகம் c. இந்த மூன்றையும் பெருக்கியும் வகுத்தும் ஒரு நீளத்தைப் பெற ஒரே வழிதான் உண்டு: GM/c². சூரியனுக்கு அது சுமார் 1.48 கிலோமீட்டர். ஆகவே ஈர்ப்பையும் ஒளியையும் சேர்த்து யார் என்ன வாதம் செய்தாலும், சரியான வாதமோ தவறான வாதமோ, கடைசியில் GM/c²-ஐ ஏதோ ஓர் எண்ணால் பெருக்கியதுதான் கிடைக்கும். நிறை இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கும் என்பதுகூட இந்த அலகுப் பொருத்தத்திலிருந்தே வந்துவிடுகிறது. விடுபடு வேக வாதம் தன் சொந்த உழைப்பால் தருவது முன்னால் நிற்கும் 2 என்ற எண் ஒன்றைத்தான். அந்த 2 எங்கிருந்து வருகிறது? ½mv² என்ற இயக்க ஆற்றலில் உள்ள அரையிலிருந்து. ஆனால் ½mv² என்பது ஒளிவேகத்தைவிட மிக மெதுவாகச் செல்லும் பொருள்களுக்கான சூத்திரம். ஒளிக்கு அது ஒருபோதும் பொருந்தாது.

சரி, ஒளிக்கு உரிய ஆற்றலை வைத்தே கணக்கைத் திருத்திப் பார்க்கலாம். ஒளித்துகளின் ஆற்றல் E என்றால் அதற்கு இணையான நிறை E/c². அது முழுவதும் ஈர்ப்பை எதிர்த்து ஏறுவதில் செலவாகிவிடும் ஆரம் எது என்று கேட்டால் r = GM/c² என்று வருகிறது. சரியான விடையில் பாதி. இன்னும் கவனமாகப் போடுவோம். ஒளி மேலே ஏற ஏற அதன் ஆற்றல் குறைகிறது; ஆற்றல் குறைந்தால் அந்த இணை நிறையும் குறைகிறது; எனவே அடுத்த அடி ஏறுவதற்கான செலவும் குறைகிறது. இதைப் படிப்படியாகக் கூட்டினால், ஒளியின் ஆற்றல் சுருங்கிக்கொண்டே போகும், ஆனால் எந்த ஆரத்திலிருந்து புறப்பட்டாலும் பூஜ்யம் ஆகாது. அதாவது எல்லை என்று ஒன்றே இல்லை. ஆக, ஒரே வகைச் சிந்தனை சூரிய நிறைக்கு மூன்று விடைகளைத் தருகிறது: 2.95 கிலோமீட்டர், 1.48 கிலோமீட்டர், எல்லையே கிடையாது. இவற்றுள் ஒளிக்கு மிகப் பொருந்தாத கணக்குதான் சரியான எண்ணைத் தருகிறது. ஐன்ஸ்டைனின் விடையை முன்னரே தெரிந்துவைத்திருப்பதால்தான் மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறோம். விடையைப் பார்த்து வழியைத் தேர்வதை நிரூபணம் என்று சொல்லக் கூடாது.

நியூட்டனின் வழியில் ஒளியைக் கல்லைப்போல் நடத்தினால் 2 என்ற காரணி தவறிப்போகும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. சூரியனின் விளிம்பை உரசிச் செல்லும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று நியூட்டன் முறையில் கணக்கிட்டால் 0.87 ஆர்க்செகண்ட் வருகிறது. பொதுச் சார்பியல் சொல்வது 1.75, சரியாக அதைப்போல் இரண்டு மடங்கு. 1919 மே மாதச் சூரிய கிரகணத்தின்போது எடிங்டன் குழுவினர் எடுத்த அளவீடுகள் சார்பியலின் பக்கம் நின்றன. பின்னர் வந்த மிகத் துல்லியமான அளவீடுகளும் அதையே உறுதிசெய்தன. சூரியனுக்கு அருகில் ஒளியின் பாதையை இரண்டு மடங்கு தவறாகச் சொல்லும் முறை, கருந்துளையின் விளிம்பில் மட்டும் எப்படி நம்பகமாகிவிடும்?

எண்ணை விடுவோம். இதைவிடப் பெரிய கோளாறு, இந்த வாதம் வரையும் படத்தில் இருக்கிறது. இதன் மூலவர் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஹென்றி கேவன்டிஷுக்கு அவர் எழுதிய கடிதம் 1783 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அச்சானது. சூரியனுக்கு நிகரான அடர்த்தியும் அதைப்போல் சுமார் 500 மடங்கு விட்டமும் கொண்ட ஒரு விண்மீன் இருந்தால், அதிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் அதனிடமே திரும்ப நேரிடும் என்று அவர் காட்டினார். அவர் காலத்தின் அறிவைக் கொண்டு செய்த அபாரமான கணிப்பு அது. அதில் அவர் சொன்னதைக் கவனிக்க வேண்டும்: ஒளி புறப்படுகிறது, மேலே போகிறது, போகப்போக வேகம் குறைகிறது, ஓர் உயரத்தில் நின்று, திரும்பி விழுகிறது. மேலே எறிந்த கல்லின் கதைதான் இது.

இந்தக் கதையின்படி மிச்செலின் விண்மீன் தொலைவிலிருப்பவருக்குத்தான் இருட்டு. அதன் பக்கத்தில் சுற்றும் ஒரு கோளில் நிற்பவர், மேலேறி வரும் ஒளி தம் கண்ணில் பட, அதைப் பளிச்சென்று பார்ப்பார். கருந்துளையோ அப்படிப்பட்டதல்ல. எல்லைக்கு உள்ளே புறப்படும் ஒளி எல்லையைத் தாண்டி ஓர் அங்குலம்கூட எட்டிப் பார்ப்பதில்லை. வெளிநோக்கிச் செலுத்தப்பட்ட ஒளிகூடத் தொடக்கத்திலிருந்தே மையத்தை நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லைக்கு வெளியே எவ்வளவு பக்கத்தில் நின்றாலும் உள்ளிருந்து வரும் ஒளி யாருக்கும் தெரியாது. மேலும், ஏறும் ஒளி வேகம் இழப்பதில்லை. எந்த இடத்தில் யார் தம் அருகே அளந்தாலும் அது c-தான். குறைவது அதன் அதிர்வெண். ஹார்வர்டு பல்கலைக்கழகக் கட்டடத்தில் 22.5 மீட்டர் உயரத்துக்குள்ளேயே பவுண்டும் ரெப்காவும் 1960-இல் இந்த அதிர்வெண் மாற்றத்தை அளந்து காட்டிவிட்டார்கள். ஒளி களைத்துத் திரும்பி விழும் காட்சி இயற்கையில் எங்கும் நடப்பதில்லை.

விடுபடு வேகம் என்ற கருத்துக்கே ஒரு நிபந்தனை உண்டு: எறிந்த பிறகு பொருள் தானாகப் போக வேண்டும், எஞ்சின் கூடாது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பூமியை விட்டு நடக்கும் வேகத்தில்கூட வெளியேறலாம், 11.2 கிலோமீட்டர் தேவையில்லை, எரிபொருள்தான் தேவை. இதை M87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள, 650 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளைக்குப் பொருத்திப் பார்க்கலாம். அதன் எல்லையில் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று நியூட்டன் சூத்திரத்தில் கேட்டால், பூமியில் உள்ளதைப்போல் சுமார் 240 மடங்கு என்று விடை வருகிறது. அதிகம்தான், ஆனால் துப்பாக்கிக் குண்டு இதைவிடப் பல மடங்கு முடுக்கத்தைத் தாங்கிப் பறக்கிறது. எனவே விடுபடு வேக வாதத்தை மனதார நம்புகிறவர், போதிய எஞ்சின் இருந்தால் அந்த எல்லைக்குள்ளிருந்து மெல்ல ஏறி வெளியே வந்துவிடலாம் என்பதையும் ஏற்றாக வேண்டும். குறைந்தபட்சம் வலுவான கயிற்றைக் கட்டி இழுத்துவிடலாம். அந்த வாதத்துக்குள் இதைத் தடுக்க எதுவுமில்லை.

சார்பியலில் இது முடியாது. எல்லைக்கு வெளியே ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்குத் தேவைப்படும் முடுக்கம், எல்லையை நெருங்க நெருங்க வரம்பின்றி ஏறுகிறது. எல்லையைத் தாண்டிய பிறகு நிலைமை இன்னும் அடிப்படையாகவே மாறிவிடுகிறது. உள்ளே r குறைவது என்பது ஒரு திசையில் நகர்வது அல்ல. நாளை வருவதைப்போல நடந்தே தீரும் ஒன்று. நம் பால்வீதியின் நடுவிலுள்ள சாஜிட்டேரியஸ் ஏ* கருந்துளையை எடுத்துக்கொண்டால், எல்லையைத் தாண்டிய ஒருவரின் கைக்கடிகாரத்தில் அதிகபட்சம் சுமார் 67 வினாடிகள்தான் மிச்சம். எவ்வளவு வலிமையான எஞ்சினை எந்தத் திசையில் இயக்கினாலும் அதற்கு மேல் ஒரு நொடி நீட்டிக்க முடியாது. வேகம் போதாததால் நேர்வது அல்ல இது. வெளியே செல்லும் பாதை என்பதே அங்கே இல்லை. ‘வேகம் போதவில்லை’ என்று விளக்கம் கொடுத்தால், இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தால் தப்பிவிடலாமே என்ற எண்ணத்தைத்தான் மாணவர் மனத்தில் விதைக்கிறோம்.

இவையெல்லாம் யாரும் சோதிக்க முடியாத உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வெளியிலிருந்தே அளந்து பார்க்கக்கூடிய ஒரு வேறுபாடு உண்டு. விடுபடு வேகத்துக்குத் திசை கிடையாது. பக்கவாட்டில் எறிந்தாலும் மேல்நோக்கி எறிந்தாலும், பொருளில் மோதாதவரை, தேவையான வேகம் ஒன்றுதான். எல்லையைப்போல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் நியூட்டன் கணக்கில் விடுபடு வேகம் ஒளிவேகத்தில் 82 சதவீதம். எனவே அங்கே ஒளி தாராளமாகத் தப்பிவிட வேண்டும். உண்மையில் அந்த ஆரத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் அனுப்பப்படும் ஒளியில் சரிபாதி கருந்துளைக்குள் போய்விடுகிறது. இன்னும் நெருங்கினால் தப்பும் திசைகள் ஒரு கூம்பாகக் குறுகுகின்றன. எல்லையில் அந்தக் கூம்பு மூடிக்கொள்கிறது.

இதனால் பின்னணி ஒளியில் கருந்துளை விழுத்தும் நிழலின் அளவு மாறுகிறது. சாஜிட்டேரியஸ் ஏ* இந்தச் சோதனைக்கு மிக ஏற்றது; ஏனெனில் அதன் நிறையை நிழலைக் கொண்டு ஊகிக்க வேண்டியதில்லை. அதைச் சுமார் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் S2 போன்ற விண்மீன்களின் பாதைகளிலிருந்தே நிறை கிடைத்துவிட்டது: சுமார் 43 லட்சம் சூரிய நிறை. தொலைவு சுமார் 27,000 ஒளியாண்டு. அந்த விண்மீன்களைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இந்த நிறைக்கு எல்லையின் ஆரம் சுமார் 1.27 கோடி கிலோமீட்டர். பூமியிலிருந்து பார்த்தால் அதன் விட்டம் 20.5 மைக்ரோ ஆர்க்செகண்ட் கோணம் கொள்ளும். நியூட்டன் முறையில், c வேகத்தில் வரும் ஒளித்துகள்கள் ஈர்ப்பால் வளைந்து அந்த உருண்டையில் மோதுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிழலின் விட்டம் சுமார் 29 மைக்ரோ ஆர்க்செகண்ட் வர வேண்டும். பொதுச் சார்பியல், சுழலாத கருந்துளைக்கு, எல்லையின் விட்டத்தைப்போல் 2.6 மடங்கு என்கிறது. அதாவது சுமார் 53. நிகழ்வு எல்லைத் தொலைநோக்கிக் குழு 2017 ஏப்ரலில் பதிவுசெய்து 2022 மே மாதம் வெளியிட்ட படத்தில், ஒளி வளையத்தின் விட்டம் 51.8 மைக்ரோ ஆர்க்செகண்ட், பிழைவரம்பு 2.3. வளையத்துக்கும் நிழலுக்கும் இடையே சிறிய வேறுபாடு உண்டு. நிழலின் விட்டம் மட்டும் 48.7 என்றும் அதன் பிழைவரம்பு 7 என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். எந்த எண்ணை எடுத்தாலும் 29 அதன் அருகில்கூட வரவில்லை. ஆக, எல்லையின் ஆரத்தில் இரண்டு கோட்பாடுகளும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. அந்த ஆரத்தைச் சுற்றி ஒளி என்ன செய்கிறது என்று கேட்டதும் விடுபடு வேகப் படம் தோற்றுப்போகிறது.

நிறை தெரிந்தால் அளவு தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இதே வாதத்தின் விளைவுதான். 2GM/c² சுழலாத கருந்துளைக்கு மட்டுமே உரியது. இயற்கையில் கருந்துளைகள் சுழல்கின்றன. அவற்றுக்கான தீர்வை ராய் கெர் 1963-இல் கண்டார். சுழற்சி கூடக் கூட எல்லை சுருங்குகிறது. உச்ச சுழற்சியில் அதன் ஆரக் குறியீடு GM/c² ஆகப் பாதியாகிவிடுகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பிடித்த முதல் ஈர்ப்பலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கருந்துளைகள் இணைந்து சுமார் 62 சூரிய நிறை கொண்ட ஒன்று பிறந்தது. விடுபடு வேகச் சூத்திரத்தின்படி அதன் எல்லையின் பரப்பளவு சுமார் 4,21,000 சதுர கிலோமீட்டர். ஆனால் அது உச்ச சுழற்சியில் 0.67 பங்கு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அதைச் சேர்த்தால் பரப்பளவு சுமார் 3,67,000 சதுர கிலோமீட்டர்தான். எட்டில் ஒரு பங்கு குறைவு. இரண்டு வரிக் கணக்கில் சுழற்சிக்கு இடமே இல்லை. எனவே அதைத் திருத்தவும் வழியில்லை.

எதிர்த்தரப்பின் மிக வலிமையான வாதத்தையும் இங்கே சந்தித்தாக வேண்டும். மிகத் தொலைவில் ஓய்விலிருந்து கருந்துளையை நோக்கி விழத் தொடங்கும் ஒரு பொருளை, வழிநெடுக அசையாமல் நிற்கும் பார்வையாளர்கள் அளந்தால், சுழலாத கருந்துளைக்கு அதன் வேகம் √(2GM/r) என்றே வருகிறது. தோராயமாக அல்ல, பொதுச் சார்பியலிலேயே துல்லியமாக. எல்லையை நெருங்கும்போது அது c-யை நெருங்குகிறது. ஆகவே நியூட்டனின் சூத்திரம் வெறும் தற்செயல் அல்ல என்கிறார்கள் இயற்பியல் நன்கறிந்த சிலர்.

இந்தச் சமன்பாடு உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் இது விடுபடு வேக வாதத்தைக் காப்பாற்றவில்லை. முதலாவதாக, இதிலுள்ள r மையத்திலிருந்து அளந்த தூரம் அல்ல; அந்த இடத்தைச் சுற்றிவரும் வட்டத்தின் சுற்றளவை 2π-ஆல் வகுத்த எண். வளைந்த காலவெளியில் இரண்டும் ஒன்றல்ல, மையம் வரை கோல் வைத்து அளக்கவும் வழியில்லை. இரண்டாவதாக, அசையாமல் நிற்கும் பார்வையாளர்கள் எல்லைக்கு வெளியே மட்டுமே இருக்க முடியும். எல்லையில் அப்படி ஒருவர் நிற்க இயலாது என்பதுதான் எல்லையின் பண்பே. எனவே ‘எல்லையில் விடுபடு வேகம் c’ என்பது வெளியிலிருந்து நெருங்கும்போது கிடைக்கும் ஓர் உச்ச மதிப்பு, எல்லை ஏன் இருக்கிறது என்பதற்கான விளக்கம் அல்ல. மூன்றாவதாக, இந்தப் பொருத்தம் ஷ்வார்ஸ்சைல்டு தீர்விலிருந்து வருவிக்கப்படுவது. தீர்வைக் கொண்டு சூத்திரத்தைக் காட்டலாம். சூத்திரத்தைக் கொண்டு தீர்வைப் பெற முடியாது. ஷ்வார்ஸ்சைல்டின் கையிலேயே 2GM/c² இருந்தும், அது ஒருவழிப் பாதை என்பதை டேவிட் ஃபிங்கெல்ஸ்டைன் தெளிவாக எழுத 1958 வரை ஆனது. ஆரத்தை அறிவது வேறு, எல்லையை அறிவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

‘பிளஸ் டூ மாணவருக்கு வேறு எப்படித்தான் சொல்வது?’ என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே கரும்பலகையில், அதே நேரத்துக்குள் சொல்ல முடியும். G, M, c மூன்றிலிருந்து GM/c² என்ற நீளத்தை மாணவரையே வருவிக்கச் சொல்லலாம். நிறையோடு ஆரம் நேர்விகிதத்தில் ஏன் வளர்கிறது என்பது அதிலேயே விளங்கிவிடும். முன்னால் உள்ள 2, சுழலாத கருந்துளைக்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் தருவது, இங்கே வருவிக்க இயலாது என்று நேராகச் சொல்லிவிடலாம். படம் வேண்டுமென்றால், 1920-களின் தொடக்கத்தில் பன்லெவேயும் குல்ஸ்ட்ராண்டும் தனித்தனியே கண்ட கணித வடிவத்தில் தயாராக ஒன்று இருக்கிறது: விண்வெளியே மையத்தை நோக்கி ஆறுபோல் ஓடுகிறது, ஒளி அந்த ஆற்றில் நீந்தும் மீன். நீந்தும் வேகம் எப்போதும் c. ஓட்டத்தின் வேகம் c ஆகும் இடத்தில் எதிர்நீச்சல் போடும் மீன் அங்கேயே நிற்கிறது. அதற்கு உள்ளே, எவ்வளவு நீந்தினாலும் பின்னோக்கி அடித்துச் செல்லப்படுகிறது. மேலே போய்த் திரும்பி விழுதல் இந்தப் படத்தில் இல்லை. கயிறு கட்டி இழுக்கும் ஆசைக்கும் இடமில்லை, ஏனெனில் கயிறும் அதே ஆற்றில்தான் இருக்கிறது.

மிச்செலின் கணக்கை வரலாறாகச் சொல்லுங்கள். அது அந்த மரியாதைக்கு உரியது. நிகழ்வு எல்லைக்கான விளக்கமாக மட்டும் இனிச் சொல்லாதீர்கள். ஒரு விளக்கம் சரியா என்று சோதிக்க, அது தரும் ஓர் எண் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதாது. அதே விளக்கத்திலிருந்து வேறு என்னென்ன நடக்க வேண்டும் என்று கேட்டு அவற்றையும் சரிபார்க்க வேண்டும். விடுபடு வேக வாதத்தின்படி அருகில் நிற்பவருக்கு உள்ளிருக்கும் ஒளி தெரிய வேண்டும், எஞ்சின் வைத்து வெளியேற முடிய வேண்டும், சாஜிட்டேரியஸ் ஏ*-இன் நிழல் 29 மைக்ரோ ஆர்க்செகண்ட் இருக்க வேண்டும், சுழற்சி எல்லையின் அளவை மாற்றவே கூடாது. நான்கும் தவறு. ஓர் எண் சரியாக வந்ததற்காக இந்த நான்கு தவறுகளையும் மாணவர்களிடம் ஒப்படைப்பது எளிமைப்படுத்துதல் ஆகாது.